உதவி: கூரியர் சான்று இருந்தும் சார்ஜ்பேக் வந்துவிட்டது, எப்படி எதிர்ப்பது?

அலைபாயும்மனம்:
அவசரம். இணையக் கடை நடத்துகிறேன். வாடிக்கையாளர் ஒருவர் பொருளைப் பெற்றுக்கொண்டபின் வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்ப எடுத்துவிட்டார். அதற்குமேல் அபராதம்போல ஒரு கட்டணத்தையும் பேமெண்ட் கேட்வே பிடித்துக்கொண்டது. ‘டெலிவர்ட்’ என்ற கூரியர் பதிவு என்னிடம் இருக்கிறது. அதை அனுப்பினால் போதுமா? என்ன எழுத வேண்டும்? யாராவது மாதிரிக் கடிதம் தர முடியுமா?

பழையகணக்கு:
இந்தக் களத்தில் தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, தம்பி. எந்தக் கார்டு, என்ன காரணம், கடைசித் தேதி எது, ஓடிபி கேட்டதா என்று எதையும் சொல்லாமல் மாதிரிக் கடிதம் கேட்டால் என்ன செய்வது? ஓடிபி இல்லாமல் எடுத்த பணம் என்றால் விட்டுவிடுங்கள். அதில் யாரும் வென்றதில்லை.

மல்லிகைப்பந்தல்:
பயப்படாதீர்கள். எனக்கும் இதே நடந்தது. பொருள் வரவில்லை என்று ஒருவர் புகார் செய்தார். கூரியரின் டெலிவரி பதிவையும் அவர் கொடுத்த முகவரியையும் ஒரே பக்கத்தில் வைத்து அனுப்பினேன், பணம் திரும்பி வந்தது. நீங்களும் அதையே அனுப்புங்கள், போதும்.

தராசு:
மல்லிகைப்பந்தல் சொல்வது அவர் வழக்குக்குச் சரி. இங்கும் அதுதானா என்று தெரியாமல் எதையும் அனுப்பாதீர்கள். பெரும்பாலான கேட்வேகளில் சான்று அனுப்ப ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கும். பிறகு சேர்க்க முடியாது. கேட்வேயில் அந்த டிஸ்பியூட் பக்கத்தைத் திறந்து, காரணம் என்ற இடத்தில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். விசா என்றால் 10.4, 13.1 போல ஓர் எண் இருக்கும்.

கைவினைக்காரன்:
உடனே ரீஃபண்ட் கொடுத்துச் சமாதானமாகப் போய்விடுங்கள். ஒரு ஆர்டருக்காக வங்கியோடு மல்லுக்கட்டுவது வீண்.

தராசு:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிஸ்பியூட் திறந்தவுடனே பணம் உங்கள் கணக்கிலிருந்து போய்விட்டது. இப்போது ரீஃபண்டும் கொடுத்தால் இரண்டாவது முறையாகப் பணம் போகும். ரீஃபண்ட் கொடுக்கும் காலம் டிஸ்பியூட்டுக்கு முன்பு, பின்பு அல்ல.

அலைபாயும்மனம்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். விசா. குறியீடு 10.4. பதில் அனுப்ப இன்னும் 9 நாள் இருக்கிறது. வாங்கியவர் வெளிநாட்டு கார்டு, ஓடிபி கேட்கவில்லை. ஆர்டர் ஆகஸ்ட் 3, டிஸ்பியூட் செப்டம்பர் 20. சிவிவி சரியாக இருந்தது என்று கேட்வேயில் காட்டுகிறது.

பழையகணக்கு:
சொன்னேன் அல்லவா. ஓடிபி இல்லை. கதை முடிந்தது.

தராசு:
முடியவில்லை. வங்கியின் டிஸ்பியூட் மேசையில் பல வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

10.4 என்றால் ‘இந்தப் பணத்தை நான் செலுத்தவே இல்லை, என் கார்டை யாரோ பயன்படுத்திவிட்டார்கள்’ என்று அட்டைதாரர் சொல்கிறார். பொருள் வந்ததா வரவில்லையா என்று அவர் பேசவே இல்லை. நீங்கள் கூரியர் பதிவை மட்டும் அனுப்பினால், ‘திருடனுக்குப் பொருள் சரியாகப் போய்ச் சேர்ந்தது’ என்றுதான் வங்கி அதைப் படிக்கும். மல்லிகைப்பந்தலின் வழக்கு 13.1, பொருள் வரவில்லை என்பது. அங்கே கூரியர் பதிவுதான் நேரான பதில். சிவிவி பொருந்தியதும் உங்களைக் காப்பாற்றாது. கார்டைக் கையில் வைத்திருக்கும் திருடனுக்கும் அது தெரியும்.

ஓடிபி பற்றிப் பழையகணக்கு சொன்னதில் பாதி உண்மை. ஓடிபி கேட்கும் த்ரீ-டி செக்யூர் வழியாக அட்டைதாரர் உறுதி செய்திருந்தால் மோசடிப் புகாரின் பொறுப்பு அவருடைய வங்கிக்கு மாறியிருக்கும். ஆனால் அது இல்லாதபோதும் ஒரு வழி உண்டு. 2023 ஏப்ரலில் விசா ஒரு விதியைக் கொண்டுவந்தது, 10.4க்கு மட்டும். இதே கார்டில் இதே ஆள் உங்களிடம் முன்பு இரண்டு முறையாவது வாங்கி, அவற்றைப் பற்றி எந்த மோசடிப் புகாரும் வராமல் இருந்தால் அதைச் சான்றாக வைக்கலாம். அவர் பழைய வாடிக்கையாளரா?

கைவினைக்காரன்:
இதற்கெல்லாம் ஒரே மருந்து: நான் வாங்குபவரிடம் கார்டின் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கோப்பில் வைத்துக்கொள்கிறேன். இதுவரை ஒருவரும் வாலாட்டவில்லை.

நுண்ணோக்கி:
பின்பக்கத்தில் இருக்கும் சிவிவியுமா உங்கள் கோப்பில் இருக்கிறது?! பணம் அனுமதிக்கப்பட்ட பிறகு அந்த எண்ணைச் சேமிக்கவே கூடாது என்பது கார்டு பாதுகாப்பு விதி. உங்கள் மின்னஞ்சல் ஒருநாள் களவு போனால் அத்தனை வாடிக்கையாளரும் அம்போ.

கைவினைக்காரன்:
என் கணினி, என் கோப்பு. இணையத்தில் ஏற்றவில்லை. விதி எழுதுகிறவர்கள் என் நட்டத்தை ஈடு செய்வார்களா?

நுண்ணோக்கி:
மின்னஞ்சலில் வந்த படம் இணையத்தில் இல்லை என்கிறீர்கள். சரி.

மல்லிகைப்பந்தல்:
என்னிடம் ஒரு கடை அப்படிப் படம் கேட்டால் அந்தக் கடைப்பக்கமே போக மாட்டேன்.

அலைபாயும்மனம்:
ஆம், பழைய வாடிக்கையாளர்தான்! அதே கணக்கு, அதே கார்டு. போன வருடம் நவம்பர் 14, இந்த வருடம் பிப்ரவரி 10, ஜூலை 5. எல்லாவற்றுக்கும் அதே வீட்டு முகவரி. வூகாமர்ஸில் ஆர்டர் பக்கத்திலேயே ஐபி முகவரி காட்டுகிறது. நான்கு ஆர்டரிலும் ஒரே ஐபி! அனுப்பிவிடலாமா?

தராசு:
கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் தேதி. டிஸ்பியூட் வந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால், பழைய ஆர்டர் 120 நாளுக்கும் 365 நாளுக்கும் இடையில் இருக்க வேண்டும். ஜூலை 5 எடுபடாது, ஏறத்தாழ 77 நாள்தான் ஆகிறது. திருட்டு கார்டு என்றால் சில வாரத்துக்குள் அட்டைதாரர் கண்டுபிடித்துவிடுவார். நான்கு மாதம் யாரும் முணுமுணுக்காமல் போன ஆர்டர்தான் உண்மையான ஆள் வாங்கியது என்பதற்கு அடையாளம். நவம்பர் சுமார் 310 நாள், பிப்ரவரி சுமார் 222 நாள். இரண்டும் சரி.

அடுத்து பொருத்தம். கடைக் கணக்கு, அனுப்பிய முகவரி, ஐபி, வாங்கிய கைபேசி அல்லது கணினியைக் காட்டும் சாதன அடையாளம் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு அந்த இரண்டு பழைய ஆர்டரிலும் டிஸ்பியூட் ஆன ஆர்டரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்று கட்டாயம் ஐபி அல்லது சாதன அடையாளம். கணக்கும் முகவரியும் மட்டும் பொருந்தினால் போதாது.

எனக்கு உறுத்துவது அந்த ஐபிதான். ஏறத்தாழ ஒன்பது மாதமாக ஒரே ஐபியிலிருந்து ஒருவர் வாங்குவது அபூர்வம். வேறு வாடிக்கையாளர் சிலரின் ஆர்டரைத் திறந்து அங்கே என்ன ஐபி இருக்கிறது என்று பாருங்கள்.

அலைபாயும்மனம்:
பார்த்தேன். எல்லோருக்கும் அதே தொடர் எண்கள். சிலருக்கு அப்படியே அதே எண். இது எப்படி?

நுண்ணோக்கி:
உங்கள் தளத்துக்கு முன்னால் வேகத்துக்காகவோ பாதுகாப்புக்காகவோ ஒரு சேவையை வைத்திருக்கிறீர்கள். வாடிக்கையாளர் அந்தச் சேவையிடம் வருகிறார், அது உங்கள் சர்வரிடம் வருகிறது. சர்வர் பார்ப்பது அந்தச் சேவையின் ஐபியைத்தான். உண்மையான ஐபி `X-Forwarded-For` போன்ற தலைப்பு வரியில் வருகிறது, அதை எடுத்து எழுத சர்வரில் அமைக்கவில்லை. இனி வரும் ஆர்டருக்கு இன்றே சரிசெய்யலாம். பழையவற்றுக்கு சர்வர் லாக் இருந்தால்...

அலைபாயும்மனம்:
லாக் 30 நாளில் அழிந்துவிடும்படி வைத்திருக்கிறார்கள். நான் மாற்றவே இல்லை. அப்படியானால் ஒன்றுமே இல்லையா?

பழையகணக்கு:
முதலிலேயே சொன்னேன்.

தராசு:
கேட்வேயைக் கேளுங்கள். கார்டு எண் தட்டச்சு செய்யும் கட்டம் பெரும்பாலும் கேட்வேயின் சொந்தப் பக்கம் அல்லது அவர்களுடைய நிரல். அது வாடிக்கையாளரின் உலாவியோடு நேரடியாகப் பேசுகிறது, உங்கள் சர்வர் வழியாக அல்ல. அதனால் அவர்களிடம் உண்மையான ஐபியும், சில வேளை சாதன அடையாளமும் இருக்கும். நவம்பர், பிப்ரவரி, ஆகஸ்ட் மூன்றின் பரிவர்த்தனை எண்ணையும் கொடுத்து, இந்த விசா விதிக்காகக் கேட்கிறேன் என்று சொல்லுங்கள்.

வந்ததும் ஒரே ஒரு பக்கத்தில் அட்டவணையாகப் போடுங்கள்: மூன்று ஆர்டர், ஒவ்வொன்றின் தேதி, பரிவர்த்தனை எண், வாங்கிய பொருளின் பெயர், கணக்கு, முகவரி, ஐபி, சாதன அடையாளம். பொருந்தும் கட்டத்துக்குக் கறுப்பில் பெட்டி போடுங்கள், வண்ணத்தை நம்பாதீர்கள். பல இடங்களில் கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகும். இணைப்பு கொடுத்தால் யாரும் சொடுக்கிப் பார்க்க மாட்டார்கள், ஸ்கிரீன்ஷாட்டாகவே ஒட்டுங்கள். கூரியர் பதிவு அடுத்த பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் கோபத்தையும் கடையின் வரலாற்றையும் எழுத வேண்டாம். முழு கார்டு எண்ணும் வேண்டாம், கடைசி நான்கு இலக்கம் போதும்.

மல்லிகைப்பந்தல்:
வாங்கியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பார்த்தீர்களா? பில்லில் கடையின் பெயர் வேறு மாதிரி வந்திருந்தால் அவருக்கே அடையாளம் தெரியாமல் போயிருக்கும்.

தராசு:
நல்ல யோசனை, மரியாதையாக எழுதுங்கள். அவர் புரிந்துகொண்டால் தன் வங்கியிடம் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்ல வேண்டும். அவர் எழுதிய பதிலையும் சான்றோடு சேருங்கள். ஆனால் அவர் திரும்பப் பெற்றுவிட்டேன் என்று சொன்னாலும் 9 நாளுக்குள் உங்கள் பதிலை அனுப்பியே ஆக வேண்டும். பதில் இல்லை என்றால் புகாரை நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே வைத்துக்கொள்வார்கள்.

கைவினைக்காரன்:
இவ்வளவு பாடுபடுவதற்கு ஒரு புகைப்படம் எவ்வளவோ எளிது என்கிறேன், கேட்பாரில்லை.

நுண்ணோக்கி:
கார்டின் புகைப்படம் இருந்தாலும் ‘அதுவும் திருடன் எடுத்ததுதான்’ என்பார்கள். அதை வைத்து நீங்கள் எதிர்த்து வென்ற ஒரு 10.4 உண்டா?

கைவினைக்காரன்:
எனக்கு 10.4 வந்ததே இல்லை. அதுதான் விஷயமே.

நுண்ணோக்கி:
எத்தனை பேர் படம் கேட்டவுடன் வாங்காமலே போனார்கள் என்பதையும் எண்ணுங்கள்.

அலைபாயும்மனம்:
கேட்வே பதில் தந்தது. ஐபி மூன்றிலும் வேறு வேறு. சாதன அடையாளம் மூன்றிலும் ஒன்றே. முகவரியும் கணக்கும் ஒன்றே. வாங்கியவர் மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. தராசு ஐயா சொன்னபடி அட்டவணை போட்டு அனுப்பிவிட்டேன். முடிவு தெரிய சில வாரம், மாதம்கூட ஆகலாம் என்கிறார்கள். நன்றி.

தராசு:
சாதன அடையாளமும் முகவரியும் சேர்ந்தால் விதிக்குப் போதும். வென்றாலும் அந்த டிஸ்பியூட் கட்டணம் திரும்ப வருமா என்பது உங்கள் கேட்வேயின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது, அதைப் படித்துப் பாருங்கள். லாக்கை 30 நாளிலிருந்து 14 மாதமாக மாற்றுங்கள். 365 நாள் பழைய ஆர்டர் வரை தேவைப்படும், பதில் எழுதவும் கொஞ்சம் நாள் வேண்டும் அல்லவா.

பழையகணக்கு:
முடிவு வந்ததும் இங்கே எழுதவும். பலர் எழுதுவதில்லை.

சிற்றோடை:
எனக்கும் சார்ஜ்பேக் வந்திருக்கிறது, கூரியர் சான்று இருக்கிறது. இதே அட்டவணையை அனுப்பலாமா? கார்டு மாஸ்டர்கார்டு.

தராசு:
மேலே சொன்னது விசாவின் விதி. புது இழை தொடங்குங்கள், காரணக் குறியீட்டை முதல் வரியிலேயே எழுதுங்கள்.