மூன்று கடன், மாதம் 8,500, இருபத்து நான்கு மாதம்: எங்கள் வீட்டில் நடந்தது

கம்பம், தையல் வேலை செய்பவர்

எங்கள் வீட்டுக்காரர் கம்பம்மெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறார். நான் வீட்டில் தைக்கிறேன். 2023 ஆகஸ்டில் எங்களுக்கு மூன்று கடன் இருந்தது. தெரிந்தவர் ஒருவரிடம் புரோநோட்டு எழுதி வாங்கிய 50,000, மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. மகளிர் குழுக் கடனில் அசல் மீதி 36,000, வட்டியோடு மாதம் 2,400 வீதம் இன்னும் 18 தவணை. என் சங்கிலியை வங்கியில் வைத்த நகைக்கடன் 80,000, வருடத்துக்கு 12 சதவீதம்.

புரோநோட்டுக் கடனுக்கு அதற்கு முன்பே 14 மாதம் வட்டி மட்டும் கட்டியிருந்தோம். 21,000 போயும் அசல் அப்படியே 50,000. அதைக் கணக்குப் பார்த்த ராத்திரிதான் ஒரு முடிவுக்கு வந்தோம். மாதம் 8,500 கடனுக்கு என்று எடுத்து வைப்பது, மூன்றும் தீரும் வரை அந்தத் தொகையைக் குறைப்பதே இல்லை.

8,500 எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை காய் எடுப்பு இருக்கும்போது ஜீப் தினமும் ஓடும். ஏப்ரலில் வாரத்தில் பாதி நாள் நிற்கும். நல்ல மாதத்தைப் பார்த்துத் தொகையை வைத்திருந்தால் கோடையில் உடைந்திருக்கும். அதனால் ஏப்ரலில் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று பார்த்து வைத்தோம். சீசனில் கூடுதலாக வந்ததைத் தபால் ஆபீஸ் கணக்கில் போட்டு, சாப்பாட்டுக்கும் பிள்ளைகள் பள்ளிச் செலவுக்கும் கோடையில் எடுத்தோம். கடன் பணத்தோடு அதைக் கலக்கவில்லை.

மூன்றுக்கும் கட்டாயம் போக வேண்டியது 1,500, 2,400, 800, மொத்தம் 4,700. மீதி 3,800. இதை மூன்றாகப் பிரிக்காமல் புரோநோட்டுக் கடனுக்கே சேர்த்தோம். கடன் கொடுத்தவர் அசலைப் பத்தாயிரமாகத்தான் வாங்குவார், எனவே மூன்றாவது மாதம்தான் முதல் பத்தாயிரம் கொடுக்க முடிந்தது. அடுத்த மாதத்திலிருந்து வட்டி 1,200. மிச்சமான 300-ம் அசல் சேர்க்கும் பணத்திலேயே போனது. இப்படி ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் வட்டி 300 குறைய, அடுத்த பத்தாயிரம் சீக்கிரம் சேர்ந்தது. பன்னிரண்டாவது மாதம், 2024 ஜூலையில், அந்தக் கடன் முடிந்தது.

அதற்குள் ஒரு வம்பு. முதல் பத்தாயிரத்தை வீட்டுக்காரர் கடன் கொடுத்தவருடைய ஆளிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். எதிலும் எழுதி வாங்கவில்லை. நவம்பரில் வட்டி 1,500 என்றே கேட்டார்கள். பணம் கொடுத்ததைப் பார்த்த டீக்கடை அண்ணன் வந்து சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நோட்டின் பின்பக்கம் தேதி போட்டு வரவு எழுதச் சொல்லி, போனில் படம் எடுத்துக்கொண்டோம். கடைசியில் நோட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் வந்தோம்.

பதின்மூன்றாவது மாதத்திலிருந்து கூடுதல் முழுவதும் நகைக்கடனுக்கு. பதினெட்டாவது மாதம் குழுக் கடன் முடிந்ததும் அந்த 2,400-ம் அதிலேயே சேர்ந்தது. அதற்கடுத்த ஐந்து மாதமும் மாதம் 8,000-க்கு மேல் அசலில் இறங்கியது. 2025 ஜூலையில் சங்கிலி வீட்டுக்கு வந்தது. அந்த மாதம் 4,400 தான் தேவைப்பட்டது. மொத்த வட்டி கிட்டத்தட்ட 34,000.

உத்தமபாளையம், உரக்கடை

தங்கச்சி, நல்ல காரியம். ஆனால் நான் என்றால் முதலில் நகையைத்தான் மீட்டிருப்பேன். பெரிய கடன் அதுதானே, நகை ஏலத்துக்குப் போனால் திரும்ப வாங்க முடியுமா? குழுக் கடனும் வட்டி குறைவுதான், எங்கள் தெருவில் 12 சதவீதம் என்றுதான் கொடுத்தார்கள். நகைக்கு வாங்குகிற அதே வட்டிதானே.

தேவாரம், ஓய்வு பெற்ற கூட்டுறவு வங்கிக் காசாளர்

தம்பி, ஏல பயம் நியாயம்தான். ஆனால் வட்டியை ஒழுங்காகக் கட்டி, வருடம் முடியும்போது புதுப்பித்தால் ஏலத்துக்குப் போகாது. இவர்கள் மாதாமாதம் 800 கட்டியிருக்கிறார்கள். நகையை முதலில் எடுத்திருந்தால் என்ன ஆகும் என்று அதே 8,500-ஐ வைத்துப் போட்டுப் பார்த்தேன். நகை 19-ஆவது மாதம் வரும். ஆனால் மூன்று வட்டி அதுவரை 50,000-க்கும் ஓடியிருக்கும். எல்லாம் முடிய 26 மாதம்.

நீங்கள் சொல்லும் 12 சதவீதம் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை போடுகிற வட்டி. 50,000-க்கு இரண்டு வருடம், மாதம் 2,583 என்று கட்டினால், குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்குப் பார்க்கும்போது ஏறக்குறைய 22 சதவீதம் வருகிறது. கடன் வாங்கும்போது கொடுக்கிற விவரத்தாளில் வருட வட்டி என்று இருக்கும், அதைப் பாருங்கள்.

அம்மா, உங்களிடம் ஒரு சின்னக் குறை. 12-ஆம் மாத முடிவில் குழுக் கடனில் அசல் 13,400 சொச்சம்தான் மீதி இருந்திருக்கும். அதற்கு 24 சதவீதம், நகைக்கு 12. கூடுதல் பணத்தை முதலில் குழுவில் போட்டு முடித்திருக்க வேண்டும். சில நூறு ரூபாய் மிஞ்சியிருக்கும்.

குமுளி, மசாலாக் கடை

எதற்கு இத்தனை கணக்கு? இங்கே நாங்கள் எல்லாரும் சிட்டி, அதாவது ஏலச் சீட்டு, சேர்வோம். நான் இரண்டு லட்சம் சிட்டியில் ஐந்தாவது மாதமே தள்ளிக் கேட்டு எடுத்து, எல்லாக் கடனையும் ஒரே நாளில் அடைத்தேன். இப்போது சிட்டித் தவணை மட்டும்தான்.

தேவாரம், ஓய்வு பெற்ற கூட்டுறவு வங்கிக் காசாளர்

எவ்வளவு தள்ளிக் கேட்டீர்கள்? ஆரம்ப மாதங்களில் 30 சதவீதம் வரை தள்ள வேண்டிவந்தால் இரண்டு லட்சத்தில் கைக்கு 1,40,000 வரும். தள்ளிய பணத்தில் மற்றவர்களோடு உங்களுக்கும் பங்கு வரும், சரி. ஆனாலும் கடன் தீரவில்லை, பல இடத்தில் இருந்தது ஓரிடத்துக்கு வந்திருக்கிறது. மூன்று வட்டிக் கடனை அதில் அடைத்திருந்தால் லாபம் இருக்கலாம். நகைக்கடனை அடைத்திருந்தால் சந்தேகம்தான்.

குமுளி, மசாலாக் கடை

30 தான் சார். ஆனால் நிம்மதியாக இருக்கிறேனே. சிட்டித் தவணை என்றால் தவறாமல் கட்டிவிடுகிறேன். வீட்டில் எடுத்து வைத்தால் என்னால் முடியாது.

கம்பம், தையல் வேலை செய்பவர்

சார் சொன்ன குழுக் கணக்கு எனக்குத் தெரியாது. நடுவில் ஒருவர் மட்டும் முடித்தால் மற்றவர்களுக்கு அடுத்த கடன் வராது என்று வசூலுக்கு வந்தவர் சொன்னார், அதை நம்பிக் கேட்காமலே விட்டுவிட்டேன்.

தேவாரம், ஓய்வு பெற்ற கூட்டுறவு வங்கிக் காசாளர்

மைக்ரோஃபைனான்ஸ் கடனை முன்கூட்டி முடித்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. அடுத்த கடன் தருவதும் தராததும் அவர்கள் இஷ்டம், அதற்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது.

கம்பம், தையல் வேலை செய்பவர்

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. நகைக்கடனைப் புதுப்பிக்கப் போனபோது, தங்கம் விலை ஏறியிருக்கிறது, இதே சங்கிலிக்கு இன்னும் 25,000 தரலாம் என்றார்கள். அது கோடை கழிந்த சமயம், கையில் எதுவும் இல்லை. இவர் வாங்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். அன்று வாங்கியிருந்தால் இன்னும் மூன்று மாதமாவது போயிருக்கும்.

சின்னமனூர், வாழைத்தோட்டக் கூலி

அக்கா, எனக்கும் மூன்று கடன்தான், மொத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம். ஆனால் ஏப்ரலில் வட்டிக்கு மேல் ஆயிரம்கூட நிற்காது. மழை பெய்தால் வேலை இல்லை. இந்த வழி எனக்கு ஒத்துவருமா?

கம்பம், தையல் வேலை செய்பவர்

தம்பி, ஆயிரத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருடத்தில் முடியாது, பொய் சொல்ல மாட்டேன். எந்தக் கடனுக்கு என்ன வட்டி, யார் அசலைச் சிறுகச் சிறுக வாங்குவார்கள் என்று எழுதுங்கள். சாரிடம் கேட்போம்.

சின்னமனூர், வாழைத்தோட்டக் கூலி

ஒன்று தண்டல் அக்கா, தினம் 200. வட்டி எவ்வளவு என்று சொல்லவே இல்லை. கையில் 17,000 கொடுத்து 20,000 என்று எழுதினார்கள், நூறு நாள் கட்டணும்.

தேவாரம், ஓய்வு பெற்ற கூட்டுறவு வங்கிக் காசாளர்

அதுதான் முதலில் முடிய வேண்டியது. எத்தனை நாள் கட்டியிருக்கிறீர்கள்?