ராத்திரி 12 மணிக்கு டைமர் திரும்பத் திறந்துகொள்கிறதே, உங்களுக்கும் இப்படித்தானா?

கணக்குப்பிள்ளை:
யூடியூபுக்கு தினம் 1 மணி நேரம் என்று என் ஆண்ட்ராய்டு போனில் டைமர் போட்டிருக்கிறேன். 10.45க்குப் படுத்தபடி பார்க்க ஆரம்பித்தால் சரியாக 11.45க்கு ஆப் மூடிக்கொள்ளும், ஐகான் சாம்பல் நிறமாகிவிடும். சரி தூங்கலாம் என்று எழுந்து தண்ணீர் குடித்து, கதவு பூட்டியிருக்கிறதா பார்த்து, வாட்ஸப்பில் நாலு மெசேஜுக்குப் பதில் போட்டு முடிப்பதற்குள் 12 தாண்டிவிடுகிறது. பார்த்தால் ஐகானுக்கு நிறம் வந்திருக்கும், இன்னொரு 1 மணி நேரம் தயார். போனில் ஏதாவது கோளாறா?

மொட்டைமாடி:
கோளாறு இல்லை. அந்த டைமருக்கு நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. ஐபோனிலும் அதே கதைதான். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்பவருக்கு இது பயன்படும், உங்களை மாதிரி ராத்திரி ஒரே மூச்சில் பார்ப்பவருக்குப் பாதி வேலைதான் செய்யும். உங்களுக்கு வேண்டியது எவ்வளவு நேரம் என்ற கணக்கு இல்லை, எத்தனை மணிக்கு நிறுத்துவது என்ற கணக்கு.

நான் செய்திருப்பது இது. யூடியூப் செட்டிங்ஸில் Remind me when it's bedtime என்று ஒன்று இருக்கும். அதில் 11.15 முதல் காலை 5.30 வரை வைத்தேன், நடுவில் 12 மணி வந்தாலும் அதற்குக் கவலையில்லை. அதற்கடியில் வீடியோ முடிந்த பிறகு நினைவூட்டு என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் 40 நிமிட சமையல் வீடியோ முடிகிற வரைக்கும் அது வாய் திறக்காது. கூடவே போனின் Digital Wellbeing பகுதியில் Bedtime mode போய், அதே நேரத்துக்கு Grayscale போட்டுவிட்டேன். கறுப்பு வெள்ளையில் பிரியாணி வீடியோ பார்த்துப் பாருங்கள், பத்து நிமிடம் தாங்காது.

ஈரோட்டுக்காரன்:
இதற்கு எதற்கு இவ்வளவு? Remind me to take a break என்பதில் 30 நிமிடம் வைத்தால் போதும். ஒரு நாளைக்கு 30 நிமிடத்துக்கு மேல் ஓடாது.

மொட்டைமாடி:
அரை மணிக்கு ஒருமுறை வீடியோவை நிறுத்திச் சொல்லும், அதுவரை சரி. ஆனால் அது ஒரு நாள் கணக்கு இல்லை ஈரோட்டுக்காரரே. வீடியோ ஓடும்போது மட்டும்தான் எண்ணும், ஆப்பை மூடித் திறந்தாலோ, 30 நிமிடத்துக்கு மேல் நிறுத்தி வைத்தாலோ, டேப்லெட்டுக்கு மாறினாலோ பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பத்துப் பத்து நிமிடமாகப் பார்க்கிறவருக்கு அது ஒருமுறைகூட வராமலே போகலாம். வந்தாலும் தள்ளிவிட்டால் வீடியோ தொடரும். அது நினைவூட்டல்தான், பூட்டு இல்லை.

ஈரோட்டுக்காரன்:
ஓ. எனக்கு அது வந்தால் எழுந்து போய்விடுவேன், அதனால் தெரியவில்லை. எனக்கு வேலை செய்கிறது, நான் மாற்றப்போவதில்லை.

அம்முவின் அம்மா:
நல்ல நேரத்தில் கேட்டீர்கள். என் பெண் ஆறாவது படிக்கிறாள், அவளுக்கு ஃபேமிலி லிங்க்கில் 9 மணிக்கு போன் பூட்டிக்கொள்கிற மாதிரி வைத்திருக்கிறேன், அது கச்சிதம். பிரச்சனை, 9 மணிக்குப் போனை வைத்துவிட்டு ஹாலில் அவள் தாத்தாவோடு உட்கார்ந்து டிவியில் அதே யூடியூப். தாத்தாவிடம் நான் என்ன சொல்வது?

கணக்குப்பிள்ளை:
அக்கா, நான் என் தூக்கத்தைக் கேட்டேன் :)

மொட்டைமாடி:
போனில் போட்ட டைமர் டிவியை எண்ணாது, பிரவுசரில் அதே யூடியூபைத் திறந்தாலும் ஆப் டைமர் கண்டுகொள்ளாது. கூகுள் டிவி என்றால் குழந்தைக்குத் தனி ப்ரொஃபைல் போட்டு நேரம் குறிக்கலாம். தாத்தாவின் ப்ரொஃபைலில் பார்த்தால் அதுவும் ஓடாது. அதற்கு செட்டிங் கிடையாது.

ஐபோன் வீடு:
எங்கள் வீட்டில் ஸ்க்ரீன் டைம் பாஸ்கோடு என் மனைவியிடம் இருக்கிறது, Block at End of Limit போட்டிருக்கிறோம். பாஸ்கோடு இல்லாமல் இருந்தவரை "இன்றைக்கு மட்டும் விட்டுவிடு" என்று ஒரு தட்டு தட்டினால் திறந்துவிடும். இப்போது அவளை எழுப்பிக் கேட்க வேண்டும். யார் கேட்பது?

மொட்டைமாடி:
இது எனக்குச் சரியாகப் படவில்லை. பெரியவர்கள் ஒருவருக்கொருவர் பூட்டுப் போட்டால் சண்டைதான் வரும்.

ஐபோன் வீடு:
சண்டை இல்லை, பூட்டு கேட்டு வாங்கியது. அவரவர் வீடு.

கணக்குப்பிள்ளை:
11.15 வைத்துப் பார்த்தேன். நேற்று நினைவூட்டல் வந்தது, தள்ளிவிட்டேன், ஆனால் திரை ஏற்கெனவே கறுப்பு வெள்ளையாகியிருந்ததால் கிரிக்கெட் ஹைலைட்ஸில் எந்த டீம் எது என்றே தெரியவில்லை. வைத்துவிட்டேன்.

நைட் டியூட்டி:
நான் செக்யூரிட்டி வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. யூடியூபில் தூங்கும் நேரம் ஒன்றுதானே வைக்க முடிகிறது? ராத்திரி டியூட்டி வாரத்தில் காலை 8 மணிக்குப் படுக்கிறேன், அப்போது ஒன்றும் சொல்லாது, டியூட்டியில் 11.15க்குத் தூங்கச் சொல்கிறது. யாராவது ஷிப்டு வேலையில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மில் கேட்:
வழி கிடைக்கவில்லை. டியூட்டி சீட்டு ஒட்டும் அன்றைக்கே உட்கார்ந்து கையால் மாற்றிவிடுகிறேன்.