ஒரு மாதத்திற்குள் விரிந்துபோகும் பிரஷ்: உங்கள் அனுபவம் என்ன?

கவிதா:
எந்தப் பிரஷ்ஷை வாங்கினாலும் ஒரு மாதத்திற்குள் அதன் நார்கள் இருபுறமும் விரிந்துவிடுகின்றன. இடப்பக்க மேல் கோரைப்பல்லில் ஈறு சற்று ஏறியிருப்பதால், குளிர்ந்த நீர் பட்டாலே பல் கூசுகிறது. எலெக்ட்ரிக் பிரஷ்ஷுக்கு மாறினால் சரியாகுமா?

செல்வம்:
தாராளமாக மாறுங்கள். நான் மாறிய பிறகு பற்களின் பின்புறம்கூட வழவழப்பாக இருக்கிறது. அதில் அழுத்தித் தேய்க்கவே முடியாது என்பதால் ஈறு தேயும் கவலையும் இல்லை.

அருள்மொழி (பல் மருத்துவர்):
வழவழப்பு உண்மைதான். காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, மூன்று மாதங்களுக்கு மேல் எலெக்ட்ரிக் பிரஷ் பயன்படுத்தியவர்களிடம், சாதாரண பிரஷ் பயன்படுத்தியவர்களைவிட பற்படலம் சுமார் 21 விழுக்காடும் ஈறு அழற்சி 11 விழுக்காடும் குறைவாக இருந்தன. ஆனால் அதிலும் அழுத்தித் தேய்க்க முடியும். அழுத்தம் கூடினால் விளக்கெரிந்து எச்சரிக்கும் வகையே கவிதாவுக்குப் பொருந்தும். அதைக் கையால் முன்னும் பின்னும் இழுக்காமல், ஒவ்வொரு பல்லின் மீதும் சில விநாடிகள் வைத்து நகர்த்தினால் போதும்.

கவிதா, நீங்கள் வலக்கைப் பழக்கமுள்ளவர் என்று எண்ணுகிறேன். அப்படிப்பட்டவர்கள் பல் துலக்கும்போது இடப்பக்கக் கோரைப்பல்லில் கூடுதல் வலு விழக்கூடும். ஒரு பிரஷ் மூன்று, நான்கு மாதங்கள் உழைக்க வேண்டும். அதற்குள் விரிந்தால் பெரும்பாலும் அழுத்தமே காரணம். மென்மையான நார்களுள்ள பிரஷ்ஷைப் பேனாவைப் போல விரல் நுனிகளால் பிடித்து, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து, சிறு வட்டங்களாக அசைத்துப் பாருங்கள். விரிந்ததை மட்டும் உடனே மாற்றிவிடுங்கள். வளைந்த நார்கள் அந்த விளிம்பைச் சரியாகத் தொடுவதில்லை. ஏறிய ஈறு எந்தப் பிரஷ்ஷாலும் தானாக இறங்காது என்பதால், நேரில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

ரஹீம்:
நாக்கையும் அதே பிரஷ்ஷால் தேய்ப்பதால்தான் நார்கள் விரிகின்றனவோ? நான் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் குமட்டல் வந்து பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன், வாய் நாற்றமும் போகவில்லை.

அருள்மொழி:
நாக்கு மென்மையானது, அதனால் நார் விரியாது. நாற்றம் பெரும்பாலும் நாக்கின் பின்பகுதியில் மாவு போலப் படியும் படலத்திலிருந்து வருகிறது. நீங்களோ அதை எட்டுவதற்கு முன்பே நிறுத்திவிடுகிறீர்கள். நாக்கு வழிக்கும், உயரம் குறைந்த வளைந்த தகடு, பிரஷ்ஷின் தலையைவிடக் குமட்டலைக் குறைவாகவே தூண்டும். நாக்கை நன்றாக நீட்டி, மூச்சை மெல்ல வெளியே விட்டபடி, தாங்கும் அளவுக்குப் பின்னால் தகட்டை வைத்து, முன்னோக்கி ஒரே இழுப்பாக இழுத்து, தகட்டைக் கழுவிவிட்டு மீண்டும் இழுங்கள். தகட்டில் மாவு வருவது நின்றதும் நிறுத்திவிட வேண்டும். நாக்கு எரிந்தாலோ இரத்தம் கசிந்தாலோ அழுத்தம் அதிகம் என்று பொருள். இதன் பிறகும் நாற்றம் நீடித்தால் ஈறுகளையும் பல்லிடுக்குகளையும் பார்க்க வேண்டும்.

செல்வம்:
என் நாக்கில் வெள்ளை விளிம்புடன் சிவந்த திட்டுகள் உள்ளன. சில நாட்களில் இடம் மாறியும்விடுகின்றன. அவற்றையும் வழிக்கலாமா?

அருள்மொழி:
இடம் மாறும் திட்டுகள் படிந்த மாவு அல்ல. வழித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது முறையாகாது.

கவிதா:
வலக்கைதான், டாக்டர். பழைய பிரஷ்ஷை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்க நார்கள் மட்டுமே மிகுதியாகச் சாய்ந்திருக்கின்றன. இதுவும் அழுத்தத்தின் அடையாளம்தானா?