தினமும் வரும் "Gm", "Gn": பாசமா, வருகைப் பதிவேடா?

கோவைப்பொண்ணு: அவர் டல்லாஸ்ல, நான் கோயம்புத்தூர்ல. காலைல "Gm", அவர் தூங்கப் போறப்ப "Gn", கூடவே ஒரு ரோஜா ஸ்டிக்கர். அவ்ளோதான். முன்னெல்லாம் காலை மெசேஜ் ஆறரைக்கு வரும், நவம்பர்லேர்ந்து ஏழரைக்குத்தான் வருது. ஆசை குறைஞ்சு கடமைக்கு அனுப்புறாரோ? நாலு நாள் பதிலே போடாம இருந்து பார்க்கலாமான்னு இருக்கு.

சுண்டக்காய்: டெய்லி ஒரே டைம்னா அது ஷெட்யூல் பண்ண மெசேஜ்மா. போன்லயே வழி இருக்கு. சந்தேகமே வேணாம்.

மணிக்கூண்டு: சுண்டக்காய், அவசரப்படாதீங்க. நவம்பர்ல மாறினது ஆசை இல்லை, அமெரிக்கக் கடிகாரம். அங்கே நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வைப்பாங்க. கோடையில நமக்கும் டல்லாஸுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்துல பதினொன்றரை. அவர் எப்பவும்போல ராத்திரி 8 மணிக்குத்தான் அனுப்பறார்னு வைங்க. அது அக்டோபர்ல இங்கே காலை 6.30, இப்போ 7.30. அவர் பழக்கம் துளிகூட மாறலை.

ஷெட்யூல் விஷயத்துக்குச் சுலபமான சோதனை உண்டு. பத்து நாள் மெசேஜோட நிமிஷத்தைப் பாருங்க. எல்லாமே 7.30ன்னு நின்னா யோசிக்கலாம். கையால அனுப்பறவங்களுக்கு நிமிஷம் முன்னே பின்னே ஆகும்.

கோவைப்பொண்ணு: பாத்துட்டேன். 7.24, 7.41, 7.33, நேத்து 7.52. அப்பாடா. ஆனா உள்ளே இருக்கிறது அதே "Gm" தானே?

பூந்தோட்டம்: இந்தக் குட்மார்னிங் தொல்லைக்கு நான் வழி சொல்றேன். எங்க சொந்தக்காரங்க குரூப்ல விடிஞ்சா தாமரை, பிள்ளையார், காபி கப். போன் ரொம்பிடுச்சு. வாட்ஸப்ல Settings, அதுல Storage and data, அதுல Media auto-download போய் போட்டோ, வீடியோ டிக்கை எடுத்துடுங்க. தொடாத படம் இறங்காது.

சுண்டக்காய்: அண்ணே, இது புருஷன் பொண்டாட்டி விஷயம்.

பூந்தோட்டம்: ஓ. சரி சரி. ஆனா ஒண்ணு, அந்தத் தாமரை அனுப்பற பெரியப்பாவுக்கு அர்த்தம் "நான் எந்திரிச்சுட்டேன், நல்லா இருக்கேன்". ரெண்டு நாள் வரலைன்னா நாங்கதான் போன் போட்டுக் கேப்போம்.

வைகைக்கரை: பூந்தோட்டம் வழி தப்பி வந்து சரியான இடத்துல நிக்கறார். மாறாம வர்றதுதான் அந்த மெசேஜோட வேலை. நம்ம வீடுகள்ல காலை வணக்கம்னு யாரும் சொல்லிக்கிட்டதில்லை. "எந்திரிச்சாச்சா", "சாப்பிட்டாச்சா" இதுதான் நம்ம குட்மார்னிங். அதைக் கேக்கறவங்க இட்லியா தோசையான்னு கணக்கெடுக்கவா கேக்கறாங்க? "Gm"மும் அப்படித்தான். தினமும் புதுசா எழுதுன்னு கேட்டா, ஒரு வாரம் எழுதுவார், அப்புறம் அதுவே பாரமாகி நின்னுடும்.

மணிக்கூண்டு: பாதி ஒத்துக்கறேன். ஆனா "சாப்பிட்டாச்சா"ன்னு நேர்ல கேக்கறப்ப குரல் இருக்கு, முகம் இருக்கு. "Gm"ல ரெண்டு எழுத்துதான் இருக்கு, மத்ததை வாங்கறவங்க மனநிலை நிரப்பிக்குது. நல்ல நாள்ல பாசமாத் தெரியும், சண்டை போட்ட மறுநாள் அதே ரெண்டு எழுத்து கையெழுத்து போட்டுட்டுப் போன மாதிரி இருக்கும்.

நான் வெச்சிருக்கிற அளவுகோல் இது: நேத்து வந்த மெசேஜை எடுத்து இன்னைக்குப் போட்டுப் பாருங்க. பொருந்தினா அது வழக்கம். பொருந்தலைன்னா உங்களை நினைச்சு எழுதினது. "இன்னைக்கு ஆடிட்னியே, பதினோரு மணிக்கா? முடிஞ்சதும் ஒரு வரி போடு." இது நேத்துக்குப் பொருந்தாது, வேற யாருக்கும் அனுப்ப முடியாது. எழுத அரை நிமிஷம்கூட ஆகாது. வாரத்துல ரெண்டு நாள் இப்படி வந்தாப் போதும், மத்த நாள் "எந்திரிச்சாச்சா"வே தாங்கும்.

இதுலயும் கெடுக்கற வழி இருக்கு. தினமும் காலைல மூணு கேள்வி வந்தா அது விசாரணை. பத்து வரிக்குக் கவிதை வந்தா, ஆபீஸ் பஸ்ல நின்னுக்கிட்டு அதே நீளத்துக்குப் பதில் யோசிக்கணும்.

சுண்டக்காய்: காட்மன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதைக் கணக்காவே சொல்லிருக்கார். சேர்ந்து வாழ்ற ஜோடி 86 சதவீத மெசேஜுக்கு ஒழுங்கா பதில் போடறாங்க, பிரியறவங்க 33 தானாம்.

மணிக்கூண்டு: எண் சரி, மெசேஜ்தான் தப்பு. ஜான் காட்மன் புதுசாக் கல்யாணமானவங்களை நேர்ல கவனிச்சார். ஒருத்தர் ஜன்னலைக் காட்டி "அந்தப் படகைப் பாரேன்"னா மத்தவர் திரும்பிப் பாக்கறாரான்னு பாத்தார். ஆறு வருஷம் கழிச்சும் சேர்ந்திருந்தவங்க அப்போ 86 சதவீதம் திரும்பினவங்க, பிரிஞ்சவங்க 33. போன் அதுல வரலை. ஆனா ஒண்ணு எடுத்துக்கலாம்: அனுப்பினது என்னங்கறதோட, திரும்பிப் பாத்தாங்களாங்கறதும் எண்ணப்படுது. கோவைப்பொண்ணு, நீங்க என்ன பதில் போடறீங்க?

கோவைப்பொண்ணு: ...அதே "Gm". அதே ரோஜா.

வைகைக்கரை: 😄 நாலு நாள் பதில் போடாம சோதிக்கறதை மட்டும் விட்டுடுங்க. அவருக்கு அது சோதனைன்னு தெரியாது. வேலை அதிகம்போலன்னு நினைச்சு அவரும் குறைச்சுப்பார். நீங்க அதை "பாத்தியா, அக்கறையே இல்லை"ன்னு எடுத்துப்பீங்க. வேணுங்கறதை வாய்விட்டே கேளுங்க.

மணிக்கூண்டு: அதுல மறுபேச்சே இல்லை. "Gn" பத்தியும் ஒண்ணு. அவர் ராத்திரி பத்தரைக்குப் படுத்தா இப்போ உங்களுக்குக் காலை பத்து. வேலைக்கு நடுவுல குட்நைட் வந்து விழுது. நீங்க பத்தரைக்குப் படுக்கறப்ப அவருக்குக் காலை பதினொண்ணு, மீட்டிங்ல இருப்பார், ஒண்ணும் வராது. உங்களுக்கு ருசிக்காம இருக்கறதுக்குப் பாதிக் காரணம் இதுதான்னு நினைக்கறேன். அவர் படுக்கப் போறப்பவே இருபது விநாடிக்கு ஒரு வாய்ஸ் நோட் போடச் சொல்லுங்க, "ராத்திரி படுக்கறப்ப கேளு"ன்னு. பகல்ல திறக்காதீங்க. அரை நிமிஷத்தைத் தாண்டவும் வேணாம், நீளமானா அப்புறம் கேட்டுக்கலாம்னு தள்ளிப்போகும். குட்நைட்டுக்கு அப்புறம் புதுக் கேள்வியோ புகாரோ ஆரம்பிக்காம இருக்கறதும் நல்லது. ஒருத்தர் தூங்கிடுவார், இன்னொருத்தர் நீல டிக் வருமான்னு பாத்துக்கிட்டே இருப்பார்.

வைகைக்கரை: வாய்ஸ் நோட் நல்ல யோசனை. ஆனா உங்க "நேத்து மெசேஜ்" அளவுகோலை நான் ஏத்துக்கலை. "சாப்பிட்டியா"ங்கறது நேத்தும் பொருந்தும், நாளைக்கும் பொருந்தும். அதுக்காக அம்மா கேக்கறது வெறும் வழக்கமா?

மணிக்கூண்டு: அம்மா பதிலுக்குக் காத்திருப்பாங்க. "இல்லை"ன்னா அடுத்து "ஏன்"னு வரும். "Gm"முக்கு "இல்லை"ன்னு பதில் சொல்ல முடியுமா?

வைகைக்கரை: வார்த்தை விளையாட்டு. நான் மாறலை.

கோவைப்பொண்ணு: இப்பத்தான் அவருக்கு, "ரோஜா வேணாம், இன்னைக்கு என்ன சமைச்சீங்க, உப்பு சரியா இருந்துச்சா"ன்னு போட்டேன். ரசம் புளிச்சுப்போச்சாம், போட்டோவோட வந்திருக்கு.

சுண்டக்காய்: மார்ச் ரெண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரம் திரும்ப மாறும். மறுநாள் மெசேஜ் ஆறரைக்கே வந்துடும். ஆசை கூடிடுச்சுன்னு இங்கே வந்து எழுதிடாதீங்க.