சப்நெட் மாஸ்க்கைப் பிள்ளைகளுக்கு விளக்க உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் மாலைக் கணினி வகுப்பு நடத்துகிறேன். அங்கே 192.168.10.20 என்ற முகவரியுள்ள கணினியால் மட்டும் 192.168.10.200 என்ற பிரிண்டரை அடைய முடியவில்லை. `ipconfig` கொடுத்துப் பார்த்தபோது, மற்றக் கணினிகளில் 255.255.255.0 என்றிருந்த மாஸ்க், இதில் 255.255.255.128 என்றிருந்தது.

மாஸ்க்கில் 255 உள்ள இடங்கள் வலையமைப்பையும் 0 உள்ள இடம் அதிலுள்ள கருவியையும் குறிக்கின்றன என்பதைப் பிள்ளைகள் உடனே விளங்கிக்கொண்டார்கள். சிக்கல் 128இல்தான். இரும எண்ணில் அது 10000000 என்பதால், கடைசி எண்ணின் முதல் பிட்டும் வலையமைப்பின் பக்கம் போய்விடுகிறது. மீதி ஏழு பிட்டுகளே கருவிக்கு உரியவை.

```
 20 = 0 0010100
200 = 1 1001000
```

முதல் பிட் வேறுபடுவதால், பிரிண்டர் வேறொரு வலையமைப்பில் இருப்பதாக அந்தக் கணினி கருதியது; ரவுட்டர் இல்லாத எங்கள் அறையில் அங்கே செல்ல அதற்கு வழியில்லை. மாஸ்க்கைத் திருத்தியதும் அச்சு வந்தது.

லய எண்ணை வலையமைப்பாகவும் காம்பிரா எண்ணைக் கருவியாகவும் ஒப்பிட்டு விளக்கினேன். ஆனால் லயத்தின் சுவர் நகராது, மாஸ்க் மாறினால் எல்லை நகர்கிறது. உவமை அங்கேதான் உடைகிறது. இரும எண் படிக்காத தரம் 8 பிள்ளைகளுக்கு இந்த நகரும் எல்லையை எப்படிக் காட்டலாம் என்று, கற்பித்த அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.