பலகையில் புரியாத எழுத்து, ஷட்டரில் லீவர்: முகப்புப் படத்தை எப்படிச் சரிசெய்வது?

கரூர்_சைட்:
கீழே கடை, மேலே வீடு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல்-ங்கிற ஏஐ மாடல்ல 1024 அளவில் எடுத்த முகப்புப் படம். கட்டடம் நல்லா வந்திருக்கு, பார்ட்டிக்குக் காட்டணும். ஆனா கடைப் பலகையில் எந்த மொழியிலும் சேராத எழுத்து. வீட்டு வாசல் கதவுக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி. ஷட்டர் நடுவுல ஒரு லீவர் ஹேண்டில்! தப்பான இடத்தை மட்டும் மாஸ்க் போட்டுத் திரும்ப எடுத்தா வேற மாதிரி தப்பு வருது. பலகையில் "மீனாட்சி ஸ்டோர்ஸ்"னு வரணும். என்ன செய்யலாம்?

ரெண்டர்_ராஜா:
இன்னும் மாஸ்க் போட்டுட்டு இருக்கீங்களா? இப்போ வர்ற எடிட்டிங் மாடல்ல படத்தைக் கொடுத்து, "பலகையில் இதை எழுது, ஷட்டர் கைப்பிடியை எடு"ன்னு ஒரு வரி சொன்னா போதும். பழைய மாடலைக் கட்டிக்கிட்டு ஏன் அழணும்?

தூரிகை:
ராஜா சொல்வது ஆங்கிலப் பலகைக்குப் பெரும்பாலும் சரி. ஆனால் அதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. கடைசியில் அதற்கு வருகிறேன். முதலில் ஏன் இப்படி வருகிறது என்று பார்த்தால்தான் மாஸ்க் ஏன் பலிக்கவில்லை என்பது புரியும்.

இந்த மாடல் 1024 புள்ளிகளிலேயே நேராக வரைவதில்லை. நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய 128 கட்டத்தில் வரைந்து, பிறகு விரிக்கிறது. உங்கள் படத்தின் உயரத்தில் சாலை, கட்டடம், வானம் எல்லாம் சேர்த்துப் பத்து மீட்டர் அடங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 100 புள்ளி. ஏழடிக் கதவு 210 புள்ளி. 13 சென்டிமீட்டர் லீவர் வெறும் 13 புள்ளி, அதாவது இரண்டு கட்டம்கூட இல்லை. பலகையில் கால் மீட்டர் உயர எழுத்துக்கு மூன்று கட்டம். "ட்சி"யில் புள்ளியும் மேல்விலங்கும் அந்த மூன்று கட்டத்துக்குள் எங்கே நிற்கும்? அதே அளவிலேயே மாஸ்க் போட்டு எத்தனை முறை எடுத்தாலும் இடம் அதே இடம்தான். அதனால்தான் தப்பு மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே முதலில் முழுப் படத்தையும் இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள். பிறகு கைப்பிடி. எழுத்து எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் கையால்.

ரெண்டர்_ராஜா:
மாஸ்க்ல `Only masked` வெச்சா அந்த இடத்தை மட்டும் வெட்டிப் பெருசாக்கித்தானே வரையுது? அப்புறம் எதுக்கு முழுப் படத்தையும் பெருசாக்கணும்?

தூரிகை:
வரைவது பெரிதாகத்தான். ஆனால் திரும்ப ஒட்டும்போது பழைய அளவுக்குச் சுருக்கித்தான் ஒட்டும். 13 புள்ளி இடத்தில் எவ்வளவு அழகான கைப்பிடியைச் சுருக்கி வைத்தாலும் 13 புள்ளிதான் மிஞ்சும். அதனால்தான் முதலில் பெரிதாக்கச் சொன்னேன்.

கதவுக்கடை_மதுரை:
தம்பி, நமக்கு இந்த மாடல் சமாச்சாரமெல்லாம் தெரியாது. கதவு, பூட்டு விக்கிறவன். ஆனா இந்த மாதிரி படத்தைப் போன்ல வெச்சுக்கிட்டு "இதே ஹேண்டில் வேணும்ணே"ன்னு ஆளுக வர்றாக. போன மாசம் ஒருத்தர் காட்டுன லீவருக்குப் பின்னாடி தட்டே இல்ல, சாவித் துவாரம் இல்ல. கதவு மரத்துல இருந்து அப்படியே முளைச்சு நிக்கிது. அதை எங்க போய் வாங்க? ஸ்க்ரூ எதுல ஏத்த?

படத்துல பார்க்க வேண்டியது இதுதான். வீட்டு வாசக்கதவு நம்மூர்ல உள்பக்கமாத்தான் திறக்கும். கீல் முட்டி உள்ளே இருக்கும், வெளியே நின்னா தெரியாது. வெளியே இருந்து எடுத்த படத்துல நிலையோரமா கீல் தெரிஞ்சா தப்பு. கைப்பிடி ஒரு பக்கந்தான், கீலுக்கு எதிர்ப்பக்கம். தரையில இருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உசரம். ரெட்டைக் கதவுன்னா ரெண்டும் சேருற நடுவுல. அதுலயும் ஒரு கதவு மேலயும் கீழயும் தாழ்ப்பாள் போட்டு நிக்கும், மத்ததுதான் திறந்து மூடுறது. சாவித் துவாரம் அதுல இருக்கணும். நிக்கிற கதவுல ஜோடிக்காகச் சும்மா ஒரு கைப்பிடி வைப்பாக, அது தப்பில்ல.

ஷட்டர்ல லீவரா! ஷட்டருக்குப் பிடியும் பூட்டும் தரைக்கிட்ட அடிப்பட்டையில இருக்கும். நடுவுல லீவர் வெச்சா சுருட்டுற உருளைக்குள்ள எப்படிப் போகும்?

கரூர்_சைட்:
அண்ணே, ஒத்தைக் கதவுதான். மாடிப்படி வலது பக்கம் இருக்கு. கைப்பிடியை எந்தப் பக்கம் வைக்கட்டும்?

கதவுக்கடை_மதுரை:
படத்தைக் கேக்காத தம்பி, உன் பிளான்ல கதவு எந்தப் பக்கம் சுழலுதுன்னு வளைகோடு போட்டிருப்பேல்ல, அதைப் பாரு. கதவுக் கோடு நிலையைத் தொடுற பக்கம் கீல். கைப்பிடி எதிர்ப்பக்கம்.

தூரிகை:
அண்ணன் சொன்ன இந்த விஷயம் மாடலுக்குத் தெரியவே தெரியாது. கதவென்றால் ஓரத்தில் பளபளப்பாக ஏதோ இருக்கும் என்பது மட்டும் தெரியும். எந்த ஓரம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், சொல்லாலும் அல்ல, படத்தாலேயே.

ஜிம்பில் படத்தைத் திறந்து, கதவின் மரநிறத்தை எடுத்து இரண்டு கைப்பிடியையும் பூசி அழியுங்கள். பிளானில் பார்த்த பக்கத்தில், சரியான உயரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு நீள்சதுரத் தட்டும் அதன் மேல் குறுக்கே ஒரு கோடும் போடுங்கள். குழந்தை வரைந்த மாதிரி இருந்தால் போதும். அதைச் சுற்றிக் கொஞ்சம் தாராளமாக மாஸ்க். `Masked content` என்பதில் `original`. `Denoising strength` 0.45 பக்கம். 0.3-க்குக் கீழே போனால் நீங்கள் போட்ட சாம்பல் பட்டை அப்படியே பட்டையாக நிற்கும். 0.75-ல் விட்டால் உங்கள் கோட்டை மறந்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கு வரையும். உங்களுக்கு வேற வேற தப்பு வந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன், அதன் இயல்பு அளவு 0.75.

இன்னொன்று `Only masked padding`. இயல்பாக 32 இருக்கும். பெரிதாக்கிய படத்தில் கதவு 420 புள்ளி. 32 வைத்தால் மாடலுக்குக் கைப்பிடியும் ஒரு துண்டு மரமும்தான் கண்ணில் படும், கதவு தெரியாது. அப்போது தண்ணீர்க் குழாய் மாதிரி ஒன்று வரும். 200 வைத்தால் கதவின் ஓரமும் நிலையும் உள்ளே வந்துவிடும். கூடவே, பழைய பிராம்ப்டை எடுத்துவிடுங்கள். "இரண்டு மாடிக் கட்டடம்" என்று இருந்தால் கதவுக்குள் குட்டியாக ஒரு கட்டடமே வரைந்துவைக்கும். கதவு, எஃகு லீவர், அவ்வளவு போதும்.

ஷட்டருக்கு மாடலே வேண்டாம். வரிவரியாக ஒரே மாதிரி இருப்பதால் மேலே இருக்கும் பட்டைகளை வெட்டி லீவர் மேல் ஒட்டினால் முடிந்தது.

நிலா_டிசைன்:
தமிழ் எழுத்து உடைந்து வருவது மாடல் பிரச்சினை இல்லை, செட்டிங் பிரச்சினை. எனக்கும் போட்டோஷாப்பில் கொம்பெல்லாம் தனியாகப் பிரிந்து வந்தது. Preferences-ல் Type-க்குப் போய் `World-Ready Layout` வைத்ததும் சரியாகிவிட்டது.

கரூர்_சைட்:
இல்லைங்க, நான் டைப் பண்ணவே இல்லை. படத்தோட வந்த எழுத்து அது.

தூரிகை:
கேள்வி அது இல்லைதான், ஆனால் அடுத்த படியில் நிலா சொன்னது உதவும். எழுத்தைக் கையால் வைக்கும்போது போட்டோஷாப்பின் பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்குக் கொம்பு பிரியும். ஜிம்பில் அந்தத் தொல்லை இல்லை.

பலகையை முதலில் காலியாக்க வேண்டும். இதை மாடலிடம் விட்டால் காலிப் பலகையைக் கண்டதும் மறுபடி கிறுக்கும். பலகையின் இடது ஓர நிறம், வலது ஓர நிறம் இரண்டையும் எடுத்து நடுவில் கிரேடியன்ட் ஓட்டுங்கள். தனி லேயரில் நேராக, பெரிய அளவில் பெயரை எழுதுங்கள். பிறகு பெர்ஸ்பெக்டிவ் கருவியால் நான்கு முனையையும் பலகையின் நான்கு முனைக்கு இழுங்கள்.

இங்கே நிறுத்தினால் ஒட்டவைத்தது அப்பட்டமாகத் தெரியும். சுத்த வெள்ளையில் எழுதாதீர்கள். அதே வெயிலில் நிற்கும் வெள்ளைச் சுவரின் நிறத்தை எடுத்து எழுதுங்கள். அரைப் புள்ளி முதல் ஒரு புள்ளி வரை மங்கலாக்கி, படத்தில் இருக்கும் மணல்மணலான இரைச்சலைக் கொஞ்சம் சேருங்கள். அக்ரிலிக் எழுத்து என்றால் பால்கனி நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதே பக்கம் இரண்டு புள்ளி தள்ளி ஒரு நிழல். ஃப்ளெக்ஸ் என்றால் நிழல் வேண்டாம்.

எழுத்து வைத்தபிறகு மறுபடி அப்ஸ்கேலருக்கோ மாடலுக்கோ படத்தைக் கொடுக்காதீர்கள். "மீனாட்சி" மெல்ல "மீளாடசி" ஆகிவிடும்.

ரெண்டர்_ராஜா:
இவ்வளவுக்கும் அரை நாள் போயிடும். நான் இப்பவே ஒரு மாதிரிப் படத்துல ஒரே வரியில எடிட் பண்ணிப் பார்த்தேன். தமிழ்லயே "மீனாட்சி ஸ்டோர்ஸ்" வந்துடுச்சு. லீவரும் போச்சு. ரெண்டு நிமிஷம்.

தூரிகை:
பெரிய எழுத்து, இரண்டு சொல் என்றால் வரலாம். கீழே சின்னதாக முகவரியும் போன் நம்பரும் கேட்டுப் பாருங்கள். நான் சொல்வதாகச் சொன்ன இரண்டு சிக்கலில் அது ஒன்று. இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் கண்ணுக்கே படாது. பழைய படத்தையும் எடிட் செய்த படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் லேயரை `Difference` ஆக்குங்கள். மாறாத இடம் கறுப்பாகத் தெரியும். பலகையும் ஷட்டரும் மட்டும்தான் வெளிச்சமாக வர வேண்டும்.

ரெண்டர்_ராஜா:
பார்த்தேன். எல்லா இடத்துலயும் லேசா சாம்பல். அது சரி, படத்தை முழுசா திரும்ப வரையுது. ஆனா பால்கனி கிரில் நல்லாவே வெளிச்சமா தெரியுது. எண்ணிப் பார்த்தா பழசுல 11 கம்பி, புதுசுல 9. 😐 ஆனா சொல்றேன், பார்ட்டி கம்பி எண்ணப் போறதில்லை. மாடல் வரைஞ்ச படத்துல அந்த 11-க்கு மட்டும் என்ன கணக்கு?

கரூர்_சைட்:
என் பார்ட்டி எண்ணுவார் 😄 கிரில் வேலை அவரோட மச்சான் எடுத்திருக்கார். படத்தைப் பார்த்துதான் அளவு கேட்பார்.

தூரிகை:
ராஜா வழியிலேயே போவதென்றாலும் ஒரு சமரசம் உண்டு. எடிட் செய்த படத்திலிருந்து ஷட்டர் பகுதியை மட்டும் வெட்டி, பழைய படத்தின் மேல் லேயராக ஒட்டுங்கள். மற்றதெல்லாம் பழையபடி இருக்கும். படம் ஒரு புள்ளி இரண்டு புள்ளி நகர்ந்திருந்தால் ஷட்டர் வரிகள் ஓரத்தில் பொருந்தாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெண்டர்_ராஜா:
அதுக்கு ஓகே. பலகைக்கும் நீங்க சொன்ன மாதிரியே செய்யட்டும், ஃபான்ட் அவர் விருப்பம்.

நிலா_டிசைன்:
பலகையில் ஆங்கிலமும் வைப்பதாக இருந்தால் தமிழ் மேலே, பெரிதாக இருக்கட்டும். தமிழ்நாட்டுக் கடைப் பலகைக்கு 5:3:2 என்று தமிழ், ஆங்கிலம், மற்ற மொழி கணக்கு இருக்கிறது. படத்தில் மாறி இருந்தால் பலகை செய்பவர் அப்படியே அடித்துவிடுவார்.

கரூர்_சைட்:
அப்டேட்: கைப்பிடி 0.45-ல் சரியா வந்துடுச்சு, தட்டோட, சாவித் துவாரத்தோட. ஷட்டர் வெட்டி ஒட்டியாச்சு. பெயரும் வெச்சாச்சு. இப்போ பக்கத்துக் கடைகளோட பலகை மூணு இருக்கு, தூரத்துல, அதுலயும் கிறுக்கல். மங்கலாக்கி விட்டுடவா?

ரெண்டர்_ராஜா:
மங்கலாக்கு, போதும்.

தூரிகை:
வேண்டாம். சுவர் கூர்மையாக இருந்து பலகை மட்டும் மங்கினால் கண் நேராக அங்கேதான் போகும். பலகையையே எடுத்துவிட்டு வெறும் சுவராக்குங்கள்.

கதவுக்கடை_மதுரை:
கடைத்தெருவுல பலகை இல்லாத சுவரா? அதுவும் சந்தேகமாத்தான் இருக்கும். பக்கத்துக் கடை நிஜப் பேரை எழுதிரு தம்பி.

கரூர்_சைட்:
அண்ணே, பக்கத்துல இப்போ காலி மனைதான் 😅