டீ-எஸ்ஸர், பாப்: தமிழில் என்ன சொல்லலாம்?

தேவிபட்டினத்திலிருந்து:
வணக்கம். மீனவர்களுக்கான வானிலைச் செய்தியை வீட்டிலேயே பதிவு செய்கிறோம். மைக் வாய்க்கு நாலு விரல் தூரத்தில் இருக்கிறது. “பாக் நீரிணையில் பலத்த காற்று வீசும்” என்ற வரியில் ‘பா’ பொத்தென்று இடிக்கிறது, ‘வீசும்’ காதைக் கிழிக்கிறது. இதைச் சரிசெய்யத் தமிழில் ஒரு குறிப்பு எழுதுகிறேன். ‘ஸ’ ஒலியின் சீறலைக் குறைக்கும் டீ-எஸ்ஸருக்குச் ‘சீற்றத் தணிப்பி’, ‘பா’ இடிக்கிற அந்தப் பாப்புக்கு ‘வெடிப்பொலி’ என்று போடலாமா?

தொண்டியிலிருந்து:
‘கடல் சீற்றம்’ உங்கள் செய்தியிலேயே வருமே! கடலைத் தணிக்கிற கருவியா என்று கேட்பார்கள். ‘சகர வெட்டி’ போதும். ஈக்வலைசரில் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது.

மண்டபத்திலிருந்து:
அண்ணே, இடம் சரி, வெட்டுதான் சரியில்லை. சகரச் சீறல் பெரும்பாலும் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். ஈக்வலைசர் அந்தப் பட்டையை வரி முழுக்க இறக்கிவிடுவதால் குரலே மங்கிப்போகும். டீ-எஸ்ஸரோ சீறல் அளவு மீறுகிற கணத்தில் மட்டும் அழுத்திவிட்டு விட்டுவிடும். 4 டெசிபல் போல அழுத்தினால் போதும். கூடிப்போனால் ‘வீசும்’ என்பது ‘வீதும்’ என்று மழலையாகக் கேட்கும். நீக்கியதை மட்டும் கேட்கும் பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள்: வெறும் ‘ஸ்ஸ்’தான் வர வேண்டும். ‘வீ’யும் தலைகாட்டினால் வரம்பை ஏற்ற வேண்டும். அதனால் ‘சீறல் தணிப்பி’ என்பது என் கட்சி.

‘வெடிப்பொலி’ வேண்டாம். மொழியியலில் க, ட, த, ப எல்லாமே வெடிப்பொலிதான். இங்கே சிக்கல் எழுத்தில் இல்லை, உதட்டிலிருந்து வரும் காற்று மைக்கின் சவ்வில் மோதுவதில். ‘மூச்சு மோதல்’ எப்படி?

கீழக்கரையிலிருந்து:
கச்சான் காற்று அடிக்கும்போது படகில் எடுத்த பேட்டி முழுக்க இரைச்சல். அதுவும் மூச்சு மோதல்தானா?

மண்டபத்திலிருந்து:
அது வெளிக்காற்று, ஐயா. விடாமல் அடிப்பது. மைக்குக்கு மயிர் உறை போட்டு எடுத்தால்தான் உண்டு. ‘பா’ ஒரு கணம் மட்டும் இடிப்பது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தாலே பாதி போய்விடும். பதிவான பிறகென்றால் ‘பா’வின் தொடக்கத்தை மட்டும் தேர்ந்து 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டுங்கள். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரசருக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் இடியைப் பார்த்துக் கம்ப்ரசர் அழுத்த, பின்னால் வரும் எழுத்தும் அமுங்கிவிடும். சீறல் தணிப்பியைக் கம்ப்ரசருக்குப் பின் வையுங்கள், கம்ப்ரசர்தான் சீறலைத் தூக்கிக் காட்டுவது.

தேவிபட்டினத்திலிருந்து:
‘சீறல் தணிப்பி’யை எடுத்துக்கொள்கிறேன். ‘மூச்சு மோதல்’ என்றால் எங்கள் வாசிப்பாளர் மூச்சிழுக்கும் சத்தம் என்று நினைக்கிறார். வேறு சொல் இருக்கிறதா?

தொண்டியிலிருந்து:
‘பகர இடி’. செய்தியில் இடி மின்னலும் வருமே என்று யாரும் சொல்வதற்குள் குறிப்பில் போட்டுவிடுங்கள்.